சிம்போசியத்துக்கு ஆடிட்டோரியம் கிடைக்கலன்னா?

"அக்டோபர்ல டிபார்ட்மென்ட் சிம்போசியம், 300 பேர் வருவாங்க. அன்னைக்கே பிளேஸ்மென்ட் டிரைவ் வச்சா ஆடிட்டோரியம் போயிடும்கறாங்க. என்ன பண்றது?"

தம்பி, எங்களுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் சொன்னாங்க, அதனால சொல்றேன். ஆடிட்டோரியம் உண்மையா தேவைப்படுறது இனாகுரேஷனுக்கும் பரிசு குடுக்கறதுக்கும்தான், பேப்பர் பிரசன்டேஷன் கிளாஸ்ரூம்லயே நடக்கும், கோடிங் லேப்ல. அதனால இப்பவே 150 பேர் உக்கார்ற செமினார் ஹாலுக்கு எச்ஓடி கையெழுத்தோட லெட்டர் போட்டு வச்சிரு, மீதிப் பேர் பக்கத்து கிளாஸ்ரூம்ல புரொஜெக்டர்ல பாக்கட்டும். மாத்தறதா வேணாமான்னு முந்தின நாள் மதியம் 12க்குள்ள ஹால் கமிட்டி ஹெட் ஒருத்தரே முடிவு பண்ணணும், நாலு பேர் பேசினா நைட் வரைக்கும் இழுக்கும்.

நிமிஷக் கணக்கு போட்ட புரோகிராம் ஷீட்ட ரெண்டு ஹாலுக்கும் தனித்தனியா எழுது. சின்ன ஹால்ல ஆளுங்கள ரெண்டு இடமா உக்கார வைக்கவே நேரம் ஆகும், அதனால குத்துவிளக்க 9.30லேந்து 9.50க்கு தள்ளு, சீஃப் கெஸ்ட்ட கூட்டிட்டு வர்ற பையனுக்கும் அதே ஷீட் குடு.

ஸ்பான்சர் லெட்டர்ல "ஆடிட்டோரியம் மேடைல பேனர்"னு எழுதிடாத, நாங்க எழுதி பாதிப் பணம் வரல. "ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்ல பேனர்"னு எழுது, ஹால் மாறினாலும் டெஸ்க் இருக்கும்ல.