லாபம் குறைந்தும் ஆர்ஓஇ ஏறியது எப்படி?

"சின்ன பம்ப் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆர்ஓஇ-யை, அதாவது சொந்த முதலுக்குக் கிடைக்கும் லாப விகிதத்தை, மார்ஜின், சொத்துச் சுழற்சி, கடன் என்று மூன்றாகப் பிரித்துப் பார் என்கிறார்கள். பிரித்தால் புதிதாக என்ன தெரிந்துவிடும்?"

சிறு பட்டறைகளுக்குக் கணக்கு பார்ப்பது என் வேலை. கோயம்புத்தூரில் வார்ப்புகளை வாங்கி, கடைசல் போட்டு, பம்ப் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். தொகைகளைக் கொஞ்சம் மாற்றி முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

முதல் வருஷம் விற்பனை 4 கோடி, லாபம் 20 லட்சம், மொத்தச் சொத்து 2 கோடி, அதில் அவருடைய சொந்த முதல் 1 கோடி. ஆர்ஓஇ 20%. அடுத்த வருஷம் விற்பனை 4.40 கோடி, ஆர்ஓஇ 22%. விற்பனையும் கூடி, முதலுக்கு வருமானமும் கூடியிருக்கிறது என்று சந்தோஷமாகத்தான் வந்தார். ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் போடவே வங்கியின் கேஷ் கிரெடிட் கடன் வரம்பில் இடமில்லை.

பிரித்துப் பார்த்தோம். லாபத்தை விற்பனையால் வகுத்தால் மார்ஜின், விற்பனையை மொத்தச் சொத்தால் வகுத்தால் சுழற்சி, மொத்தச் சொத்தைச் சொந்த முதலால் வகுத்தால் கடன் பெருக்கம்.

```
முதல் வருஷம்:  5% × 2.0 × 2.00 = 20%
அடுத்த வருஷம்: 4% × 1.6 × 3.44 = 22%
```

மார்ஜின் இறங்கியிருக்கிறது, சுழற்சியும் இறங்கியிருக்கிறது. ஏறியது மூன்றாவது மட்டும்தான். லாபம் 20 லட்சத்திலிருந்து 17.6 லட்சமாகக் குறைந்திருந்தது. வீட்டு விசேஷத்துக்காக அந்த வருஷம் பட்டறைப் பணத்திலிருந்து 37.6 லட்சம் டிராயிங்ஸ் எடுத்ததில், சொந்த முதல் 80 லட்சமாகச் சுருங்கிவிட்டது. வகுக்கும் எண் சிறுத்ததால் விடை பெருத்தது, அவ்வளவுதான். அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் டொனால்ட்சன் பிரவுன் 1910-களில் இந்த முறையை வகுத்தபோது மார்ஜினும் சுழற்சியும் மட்டும்தான் இருந்தன. கடன் பின்னால் சேர்ந்தது. இவர் விஷயத்தில் கதை முழுக்க அந்தப் பின்னால் சேர்ந்ததில்தான் இருந்தது.

மார்ஜின் ஏன் விழுந்தது என்று கேட்டதும் "கூலி ஏறிப் போச்சுங்க" என்றார். வட்டிக்கு முந்தின லாபத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் வருஷம் 26 லட்சம், அடுத்தது 27.6 லட்சம். விற்பனையில் 6.5% இருந்தது 6.3% ஆகியிருக்கிறது, பெரிய வித்தியாசம் இல்லை. வட்டிதான் 6 லட்சத்திலிருந்து 10 லட்சமாகியிருந்தது. லேத் பக்கம் பெரிய குறை எதுவும் இல்லை. மூன்று எண்ணும் தனித்தனி அல்ல. சுழற்சி குறைந்தால் கடன் வாங்க வேண்டிவரும், அந்தக் கடனின் வட்டி மார்ஜினைத் தின்னும். இந்த வரிசை புரியாமல் கூலியில் கை வைத்திருந்தால் நல்ல ஆபரேட்டர்களை இழந்திருப்பார்.

அப்படியானால் சுழற்சி எங்கே சிக்கியது? சரக்கு 50 லட்சம் இருந்தது 72 ஆகியிருந்தது. பெரிய அடி வரவேண்டிய பாக்கியில். 60 லட்சம் இருந்தது 108 லட்சம். ஒரு நாள் விற்பனை சுமார் 1.2 லட்சம், அதால் வகுத்தால் 90 நாள். முந்தின வருஷம் 55 நாள்தான். பாக்கிப் பட்டியலில் விரல் வைத்துக்கொண்டே வந்தோம், ஒரே வாடிக்கையாளர் பெயரில் 41 லட்சம். "அவங்ககிட்ட எப்படீங்க கேக்கறது, ஆர்டரே அவங்கதானுங்களே" என்றார். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் வாங்கியவருக்கு அந்தச் செலவை அந்த வருஷ வருமான வரியில் கழிப்பதும் தள்ளிப்போகலாம். அதைச் சண்டையாகப் பேசாமல், அவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆளிடம் மார்ச்சுக்கு முன்னால் நினைவூட்டச் சொன்னேன்.

90 நாளை 65 ஆக்கினால் 30 லட்சம் வெளியே வரும். அதைக் கேஷ் கிரெடிட்டில் கட்டினால் 11% வட்டியில் வருஷத்துக்கு 3.3 லட்சம் மிச்சம். அதே 4.40 கோடி விற்பனையில் லாபம் 20.9 லட்சம், சொத்து 2.75 கோடியிலிருந்து 2.45 கோடியாகிறது. இப்போது கணக்கு 4.75% × 1.8 × 3.06, ஆர்ஓஇ சுமார் 26%. கடன் குறைந்தும் ஆர்ஓஇ ஏறுகிறது.

உங்கள் கணக்கில் போடும்முன் இரண்டு இடங்களில் கவனம். தனி உரிமையாளர் என்றால் உங்கள் உழைப்புக்குச் சம்பளமும், சொந்த ஷெட்டுக்கு வாடகையும் செலவில் வந்திருக்காது. வெளி ஆளுக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கழித்துவிட்டு மார்ஜினைப் பாருங்கள். அடுத்தது, ஜாப் ஒர்க் செய்கிற பட்டறையோடு ஒப்பிடாதீர்கள். அங்கே வார்ப்பு வாடிக்கையாளருடையது, பில்லில் கூலி மட்டும்தான் வரும்; அதனால் மார்ஜின் உயரமாகவும், மெஷின் மதிப்போடு பார்க்கையில் சுழற்சி குறைவாகவும் தெரியும். உங்களுடைய போன வருஷக் கணக்கோடு ஒப்பிடுங்கள். மார்ச் 31 அன்றைய பாக்கியை மட்டும் எடுக்காமல், ஒவ்வொரு மாதக் கடைசிப் பாக்கியையும் கூட்டிச் சராசரி எடுத்துக்கொள்ளுங்கள்.