சேர்ந்து ஒரு வருஷம் ஆகலைன்னா பிரசவப் பணம் வராதா?

"பனியன் கம்பெனியில் மே ஆரம்பத்தில் சேர்ந்தேன், சம்பளம் 15,000. முதல்முறையா இஎஸ்ஐ. மார்ச் கடைசியில் தலைப்பிரசவம். பணம் வராதுன்னு சூப்பர்வைசர் சொல்றார்."

கிடைக்கும் சகோதரி, வருஷக் கணக்கு இதில் இல்லை. ஜனவரி முதல் ஜூன் வரையிலான பிரசவத்துக்கு, முந்தைய செப்டம்பரோடு முடியும் இரண்டு அரையாண்டுகளில் 70 நாள் சந்தா இருந்தால் போதும். செப்டம்பருக்குள் நீங்கள் அதைத் தாண்டியிருப்பீர்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒன்பது மாதம் கழித்துத்தான் உரிமை தொடங்கும். உங்களுக்கு அது பிப்ரவரியிலேயே வந்துவிடும்.

செப்டம்பரோடு முடிந்த அரையாண்டின் சராசரி தினக்கூலி முழுசாகக் கிடைக்கும். நாளுக்கு 500 ரூபாய் என்றால் 26 வாரத்துக்கு, ஞாயிறும் சேர்த்து, 91,000. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். பணம் வாங்கும் நாட்களில் கூலிக்கு வேலை செய்யக்கூடாது. சந்தா நாட்களை இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் இப்போதே சரிபாருங்கள். கம்பெனி குறைத்துக் காட்டியிருந்தால் அங்கேதான் தெரியும்.