14 என்ற எண் எந்தப் பல்லைக் குறிக்கிறது?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகளுக்கு 14-ஆம் பல்லில் வேர் சிகிச்சை தேவை என்று அங்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இங்குள்ள கிளினிக்கின் பல் வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்பியுள்ளேன். அதில் இடப்பக்கம் 14 என்று ஒரு சிறிய பல் இருக்கிறது. அவளுக்கு வலிப்பதும் இடப்பக்கம்தான், ஆனால் பின்னால் உள்ள பெரிய பல். எது சரி?

பதில்: வலிக்கும் பெரிய பல்லைத்தான் அமெரிக்க மருத்துவர் குறித்திருக்க வேண்டும். பல் வரைபடம் நோயாளி நமக்கு எதிரே அமர்ந்திருப்பதாகக் கொண்டு வரையப்படுவதால், நம் இடக்கைப் பக்கம் தெரிவது அவருடைய வலப்பக்கம். ஆகவே நீங்கள் பார்த்த 14 மேல் வலப்பக்கத்தின் முதல் முன்கடைவாய்ப்பல். பக்கம் ஒத்துப்போவதாகத் தோன்றியது தற்செயலே.

அந்தப் படத்தில் இருப்பது இந்தியாவில் பரவலாக வழங்கும் இரண்டு இலக்க முறை. முதல் இலக்கம் வாயின் கால்பகுதியைக் குறிக்கும்: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதைக் காட்டும். 1, 2 வெட்டுப்பற்கள், 3 கோரைப்பல், 4, 5 முன்கடைவாய்ப்பற்கள், 6, 7 கடைவாய்ப்பற்கள், 8 ஞானப்பல். அதனால் நாங்கள் 14-ஐப் 'பதினான்கு' என்று படிக்காமல் 'ஒன்று, நான்கு' என்றே படிக்கிறோம்.

அமெரிக்காவிலோ மேல் வலது ஞானப்பல்லை 1 என்று தொடங்கி, மேல்வரிசை வழியாக இடது ஞானப்பல்லுக்கு 16 வரை எண்ணி, அதன் கீழே உள்ள ஞானப்பல்லை 17 ஆக்கி, கீழ் வலது ஞானப்பல்லில் 32 என முடிக்கிறார்கள். அவ்வாறு எண்ணினால் 14 மேல் இடது முதல் கடைவாய்ப்பல். நம் முறையில் அது 26.

இதை வாயிலேயே சரிபார்க்கலாம். மேல் முன்பற்கள் இரண்டும் சந்திக்கும் கோட்டிலிருந்து இடப்பக்கம் எண்ணினால் ஆறாவதாக வருவது அந்தப் பல். ஆனால் பல் சீரமைப்புக்காக முன்கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்திருந்தால், அதே பல் எண்ணிக்கையில் ஐந்தாவதாக வரும். அதன் எண் மட்டும் 26 ஆகவே இருக்கும். அப்போது வடிவத்தைத்தான் நம்ப வேண்டும்: முன்கடைவாய்ப்பல்லில் பொதுவாக இரண்டு முகடுகளும், மேல் முதல் கடைவாய்ப்பல்லில் நான்கு பெரிய முகடுகளும் இருக்கும். செல்பேசியின் முன்கேமராவில் எடுக்கும் படம் சில சமயம் இடவலம் மாறிப் பதிவாகும் என்பதால் அதை வைத்துப் பக்கத்தை முடிவு செய்யாதீர்கள்.

இங்கே சிகிச்சை பெறுவதானால், அமெரிக்க மருத்துவரிடமிருந்து எக்ஸ்ரேயையும், எண்ணோடு 'மேல் இடது முதல் கடைவாய்ப்பல்' என்று சொல்லாலும் எழுதிய குறிப்பையும் வாங்கி வரச் சொல்லுங்கள். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பாகவே இங்குள்ள மருத்துவர் அந்தப் பல்லைத் தட்டியும் குளிர்ச்சி வைத்தும் சோதிப்பது அவசியம், ஏனெனில் ஊசிக்குப் பிறகு எந்தப் பல் வலிக்கிறது என்று உங்கள் மகளால் காட்ட இயலாது.