பதில்: சிஸ்டர் கம்பெனி விலையால நஷ்டம், ஆர்டரை விட்டுடவா?

"வெளிநாட்டு சிஸ்டர் கம்பெனி பார்ட்டை 100க்கு தர்றாங்க, என் செலவு 30, கஸ்டமர் 120தான் தருவாராம். எடுத்தா என் போனஸ் போயிடும், விட்டுடவா?"

விடாதீங்க சார். அங்க கெபாசிட்டி சும்மா இருந்து, கூடுதலா ஆகுற செலவு 60தான்னா, உங்களுக்கு 10 நஷ்டமானாலும் குரூப்புக்கு 30 லாபம். அவங்க வரி 10%, உங்க வரி 30%னு வெச்சா, 100 விலையில அங்க 40க்கு 4 வரி, இங்க 10 நஷ்டத்தை மத்த லாபத்துல கழிச்சா 3 மிச்சம், மொத்த வரி 1தான், விலையை 80 ஆக்கினா அங்க 2, இங்க 3னு வரி 5 ஆயிடும், அதான் ஹெட் ஆபீஸ் இறங்க மாட்டாங்க (அவங்க போனஸ் வரிக்கப்புறமான லாபத்துலயா இருக்கும்!). அதனால இன்வாய்ஸ் விலையை விட்டுட்டு, போனஸை மட்டும் 60ஐ வெச்சு கணக்கு போடச் சொல்லுங்க. ஆனா அந்த 100 வெளியாளுக்கு விக்கிற விலையை ஒட்டி இருக்கணும், உங்க யூனிட் வருஷா வருஷம் நஷ்டம் காட்டினா உங்க ஊரு வரி ஆபீசர் அதைத்தான் முதல்ல நோண்டுவார்.