ஷிப்ட் மாற்றினோம், வேலையும் பார்த்தோம், ஆப்சென்ட் ஏன் விழுந்தது?

கேள்வி: ஓமலூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் ஓட்டுகிறேன். அடுத்த வாரம் எனக்கு முழு நைட். வியாழன் காலை 6 மணிக்குக் கஞ்சமலை சித்தர் கோயிலில் பொண்ணுக்குக் காது குத்து. புதன் நைட்டை மட்டும் யாரிடமாவது மாற்றிக்கொள்ள வேண்டும். போன தடவை ஓர் அண்ணனிடம் வாயால் சொல்லி மாற்றினோம். ரெண்டு பேரும் வேலை பார்த்தும் ரெண்டு பேருக்கும் ஆப்சென்ட் விழுந்தது. இந்தத் தடவை எப்படிக் கேட்பது, மேலே எப்படிச் சொல்வது?

பதில்: மில் டைம் ஆபீஸில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் என்பதால், போன தடவை என்ன நடந்திருக்கும் என்பதை என்னால் ஓரளவு சொல்ல முடியும். நீங்கள் மதியம் 2 மணிக்கு விரல் வைத்து உள்ளே போயிருப்பீர்கள், இரவு 10 மணிக்கு விரல் வைத்து வெளியே வந்திருப்பீர்கள். ஆனால் பஞ்ச் மெஷினில் உங்கள் பேருக்கு எதிரே இருந்தது முழு நைட். அது உங்கள் 10 மணிப் பதிவை ‘உள்ளே வந்தார்’ என்று எடுத்துக்கொண்டு, காலை 6 மணிக்கு வெளியேறும் பதிவைத் தேடியிருக்கும். அது கிடைக்கவில்லை. ஒற்றைப் பஞ்ச் என்றால் பல இடங்களில் ஆப்சென்ட் கணக்குதான். உங்கள் அண்ணனுக்கும் இதே கதை, தலைகீழாக. அவர் 10 மணிக்கு உள்ளே வந்ததை மெஷின், மதியம் 2 முதல் இரவு 10 வரை உள்ள அரை நைட் முடித்து வெளியே போனதாகப் படித்திருக்கும். யாரும் உங்களைப் பழிவாங்கவில்லை. ஷிப்ட் மாறிய விஷயம் மெஷினுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது யாரிடம் கேட்பது என்று பார்ப்போம். நெருங்கிய நண்பர் யார் என்பதைவிட, அவர் எந்த ஷிப்டில் இருக்கிறார் என்பதுதான் முக்கியம். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். செவ்வாய் நைட் முடிந்து புதன் காலை 6 மணிக்கு வெளியே வருகிறீர்கள். பகல் ஷிப்ட்காரரோடு மாற்றினால் அவருடைய 6 மணி ஷிப்டில் அப்படியே நிற்க வேண்டும். தொடர்ந்து 16 மணி நேரம் ஆகிவிடும். அவருக்கும் அதே பாடு. உங்கள் நைட்டைப் பார்த்துவிட்டு வியாழன் காலை 6 மணிக்குத் தன்னுடைய பகல் ஷிப்டில் நிற்பார். இப்படிக் கேட்டால் எந்தச் சூப்பர்வைசரும் ஒத்துக்கொள்ளக் கூடாது, ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

அரை நைட்காரரோடு மாற்றினால் கணக்கு சரியாக வரும். புதன் காலை 6 மணிக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு மதியம் 2 மணிக்கு வருகிறீர்கள். இடையில் 8 மணி நேரம். இரவு 10 மணிக்கு முடித்துக் கிளம்பினால் காலையில் கோயிலில் இருக்கலாம். மறுபடி வியாழன் இரவு 10 மணிக்கு உங்கள் நைட். அவர் வியாழன் காலை 6 மணிக்கு வெளியே போய், மதியம் 2 மணிக்குத் தன் ஷிப்டுக்கு வருவார். அவருக்கும் 8 மணி நேரம் கிடைக்கிறது. வேனில் போய்வரும் நேரம் கழித்தால் ரெண்டு பேருக்கும் ஆறு மணி நேரத் தூக்கம்கூடச் சந்தேகம். அதனால் வீடு பக்கத்தில் இருப்பவராகப் பாருங்கள். ஆட்டோகோனர் ஓட்டத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். நூல் நூற்கும் ரிங் பிரேம் சைடரைக் கூட்டிக்கொண்டு போனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இதில் இன்னொரு வசதி உண்டு. ஒரே நாளுக்குள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஷிப்ட் பார்த்துவிடுவதால் யாருக்கும் கடன் இல்லை. ‘இந்த வாரம் எனக்குப் பாருண்ணே, அடுத்த வாரம் உனக்கு நான் பார்க்கிறேன்’ என்றால் வேறு சிக்கல் வரும். அவருக்கு இந்த வாரம் 56 மணி நேரம் ஆகிவிடும். 48-க்கு மேலே போனால் ஓவர்டைம், அதற்கு இரட்டைச் சம்பளம். நிர்வாகம் மறுப்பது பெரும்பாலும் இதற்காகத்தான், உங்கள் மேல் உள்ள கோபத்தால் அல்ல.

கேட்கிற நேரம் ஷிப்ட் மாறும் நேரமாக இருக்க வேண்டாம். மெஷினை ஒப்படைக்கிற அவசரத்தில் எல்லாரும் ‘சரி சரி’ என்றுதான் சொல்வார்கள். அந்தச் சரியை நம்ப முடியாது. டீக்கடையில் அவர் தனியாக இருக்கும்போது முழு விவரத்தையும் வையுங்கள்: “அண்ணே, புதன்கிழமை உங்க அரை நைட்டை நான் பாக்கறேன், என் நைட்டை நீங்க பாக்க முடியுமா? வியாழன் மதியம் ரெண்டு மணிக்கு உங்க ஷிப்ட் வழக்கம்போல இருக்குங்க. வீட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொன்னாப் போதும்.” வியாழன் மதியத்தைச் சொல்லாமல் விட்டால், செவ்வாய்க்கிழமைதான் அவருக்கே அது உறைக்கும். அப்போது வேறு ஆள் தேட உங்களுக்கு நேரம் இருக்காது.

அவர் சம்மதித்த பிறகே மேஸ்திரியிடம் போங்கள். ரெண்டு பேருமாகப் போனால் நல்லது. மேஸ்திரி தலையாட்டுவது மரியாதைக்குச் சரி. பெரும்பாலான மில்களில் ஷிப்டை மாற்றும் அதிகாரம் ஷிப்ட் ஆபீஸருக்குத்தான். நேரில் சொல்லிவிட்டு அன்றைக்கே எழுத்திலும் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் போதும். இப்படி எழுதலாம்:

“வணக்கம் சார். ஆட்டோகோனர், டோக்கன் (உங்கள் நம்பர்). வரும் புதன் இரவு 10 முதல் வியாழன் காலை 6 வரை உள்ள என் நைட் ஷிப்டை டோக்கன் (அவர் நம்பர்) பார்ப்பார். அவருடைய புதன் மதியம் 2 முதல் இரவு 10 வரை உள்ள ஷிப்டை நான் பார்க்கிறேன். இருவருக்கும் சம்மதம். அனுமதித்து டைம் ஆபீஸுக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

தேதியையும் சேர்த்துவிடுங்கள். வெறுமனே ‘புதன் நைட்’ என்று எழுதாதீர்கள். செவ்வாய் ராத்திரி 12 மணிக்கு மேல் வருவதும் புதன்தான் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தவறான ராத்திரியில் ரெண்டு பேர் வந்து நின்றதையும், சரியான ராத்திரியில் மெஷின் ஆளில்லாமல் நின்றதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் செய்திக்குக் கீழேயே அந்த அண்ணனும் ‘சம்மதம்’ என்று ஒரு வரி போடட்டும்.

நீல டிக் விழுந்தால் அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தமல்ல. ஆபீஸரிடமிருந்து பதில் வர வேண்டும். அது வரும்வரை புதன் நைட் உங்கள் பொறுப்பு. அண்ணன் வராமல் போனால் ஆப்சென்ட் உங்களுக்கு. அனுமதி வந்துவிட்டால் அது அவருடைய ஷிப்ட். யார் எந்த நேரத்தில் வேலை பார்ப்பார் என்பதை முன்கூட்டியே பதிவேட்டில் எழுத வேண்டும், அதற்கு மாறாக ஆளை வேலைக்கு விடக் கூடாது என்பது 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வந்த விதி. நைட்டில் அவர் விரல் மெஷினில் மாட்டியது என்று வைத்துக்கொள்வோம். இஎஸ்ஐக்குப் போகும் விபத்து அறிக்கையில் அவர் எந்த ஷிப்ட் என்று எழுத வேண்டும். பதிவேட்டில் அவர் பேர் அரை நைட்டில் இருந்தால் கேள்வி அவர் பக்கம் திரும்பும். உங்களுக்கு உதவ வந்தவரை அந்த நிலையில் விடலாமா?

பதில் வந்ததும் டைம் ஆபீஸில் அதைக் காட்டி, ரெண்டு டோக்கனுக்கும் அந்த ஒரு நாள் ஷிப்டை மாற்றச் சொல்லுங்கள். வேன் டிரைவரிடமும் சொல்ல வேண்டும், அவருடைய லிஸ்ட் பழைய ஷிப்ட்படிதான் இருக்கும். புதன் இரவு 10 மணி வண்டியில் உங்களுக்கு இடம் இல்லையென்றால், காது குத்துக்குப் போகிற மனுஷன் ஓமலூர் ரோட்டில் நிற்க வேண்டியதுதான். நைட்டுக்குத் தனிப் படி உண்டென்றால் அது அண்ணனுக்குப் போகும், அதில் பங்கு கேட்காதீர்கள்.

செவ்வாய் அன்று அவரிடம் ஒரு தடவை நினைவுபடுத்துங்கள். வெள்ளி அல்லது சனி டைம் ஆபீஸில் எட்டிப் பார்த்து, புதன்கிழமைக்கு ரெண்டு பேருக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று ரெண்டு பஞ்ச் சரியாக விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வாரத்திலேயே என்றால் திருத்துவது ஐந்து நிமிட வேலை. சம்பளம் போட்ட பிறகு என்றால் அடுத்த மாதச் சம்பளத்தில்தான் வரும்.