ரீசெட்டுக்கு அப்புறம் விரலை வச்சா திறக்கல: கேள்வி பதில்

காசிமேட்டிலிருந்து: அண்ணா, ஏலக் கூடத்துல நாள் பூரா ஐஸும் உப்புத்தண்ணியுமா கை ஊறிக் கிடக்கும். போன வாரம் போன்ல அப்டேட் ஏறுச்சு. அன்னையிலேருந்து பேங்க் ஆப் ரேகையை எடுக்கவே மாட்டேங்குது. போன் லாக் மட்டும் நல்லா திறக்குது. அப்டேட்டை எடுத்துடலாமா?

அப்டேட்டை விடுங்க. போன் லாக் திறக்குதுன்னா சென்சார் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க: அப்டேட்டுக்கு அப்புறம் ரேகையைப் புதுசா பதிஞ்சீங்களா?

காசிமேடு: ஆமா அண்ணா, சரியா எடுக்கலன்னு கட்டை விரலை இன்னொரு வாட்டி சேர்த்தேன்.

அதுதான் சங்கதி. உங்க ரேகையை பேங்க் ஆப் பார்க்கிறதே இல்ல. போனுக்குள்ள பத்திரமான ஒரு இடத்துல ஆப் தனக்குன்னு ஒரு சாவியை வச்சிருக்கும். விரல் சரியா இருந்தா போன் அந்தச் சாவியை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். புதுசா ஒரு ரேகை சேர்ந்தா இந்தச் சாவி செத்துடணும்னு ஆப் செஞ்சவங்க ஆண்ட்ராய்டுகிட்ட சொல்லி வைக்கலாம். பேங்க் ஆப்காரங்க பெரும்பாலும் அப்படித்தான் வைக்கிறாங்க. உங்க பின் தெரிஞ்ச ஒருத்தன் போனை எடுத்து அவன் விரலைச் சேர்த்துட்டு உங்க கணக்குல நுழைஞ்சிடக் கூடாதில்ல? செத்த சாவி திரும்ப உயிர் பெறாது. புதுசா சேர்த்த ரேகையை அழிச்சாலும் வராது.

எம்பின் போட்டு உள்ள போங்க. ஆப்போட செட்டிங்ஸ்ல ரேகை லாகினை அணைச்சுட்டு மறுபடி போடுங்க. புதுச் சாவி உருவாகிடும்.

ஆனா உங்க கைக்கு இது மறுபடி மறுபடி வரும். ஐஸ்ல ஊறி சுருங்கின விரலோட பதியாதீங்க. துறைமுகத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, காய்ஞ்ச கையோட, ஒரே கட்டை விரலைக் போன் ஒத்துக்கிட்டா கொஞ்சம் சாய்வு மாத்தி ரெண்டு தடவை பதிங்க, கூட இன்னொரு விரலையும் சேருங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு பேங்க் ஆப்ல ரேகையைப் போடுங்க. வரிசை மாறினா பழைய கதைதான்.

தண்டையார்பேட்டையிலிருந்து: அண்ணா, போன் ஹேங் ஆகுதுன்னு கடையில கொடுத்தேன், ரீசெட் போட்டுட்டாங்க. அதே ஜிமெயிலைத்தான் போட்டேன். காண்டாக்ட், போட்டோ எல்லாம் வந்துடுச்சு. நான் வேலை பார்க்கிற இணையத் தளத்துல, பாஸ்வேர்டுக்குப் பதிலா போன் லாக்கை வச்சே நுழையுற பாஸ்கீ வச்சிருந்தேன். இப்ப No passkeys available-ன்னு வருது. அழிஞ்சே போச்சா?

அழிஞ்சிருக்காதும்மா, பூட்டியிருக்கு. கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர்ல சேமிச்ச பாஸ்கீ கூகுள் கணக்குக்குப் போய்ச் சேரும், ஆனா கூகுளே படிக்க முடியாதபடி பூட்டித்தான் போகும். அந்தப் பூட்டு ஜிமெயில் பாஸ்வேர்டுக்குத் திறக்காது. ரீசெட்டுக்கு முன்னாடி உன் போன்ல இருந்த ஸ்க்ரீன் லாக்குக்குத்தான் திறக்கும். கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜருக்குன்னு தனியா பின் வச்சிருந்தா, அதைக் கேட்கும்.

புது போனா செட் பண்ணும்போது பழைய போனோட லாக்கைப் போடுன்னு ஒரு திரை வந்திருக்கும். கடைக்காரர் Skip தட்டியிருப்பார். அவருக்கு உன் பேட்டர்ன் தெரியாது, வேற என்ன செய்வார்?

இப்ப Google Password Manager-ஐத் திறந்து அந்தத் தளத்தோட பேரைத் தேடு. இல்லேன்னா தளத்துலயே பாஸ்கீயோட நுழையப் பாரு. பழைய லாக்கைக் கேட்கிற திரை வரும். அங்க பழைய பேட்டர்னைப் போடு, இப்ப புதுசா வச்சதை இல்ல. நிதானமா போடு. தப்பா போட ஒரு வரம்பு இருக்கு, அது 10-ஐத் தாண்டாது. தாண்டினா அந்த லாக்கால திறக்கிற வழி நிரந்தரமா அடைஞ்சிடும். அதனால கடைக்காரர் கையில கொடுத்து ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கச் சொல்லாதே.

தண்டையார்பேட்டை: ரெண்டு பேட்டர்ன் மாத்தி மாத்தி வச்சிருந்தேன், எதுன்னு ஞாபகமில்ல அண்ணா.

ரெண்டுதானே, ரெண்டையும் போடு. ஆனா அதுக்கு முன்னாடி இதே ஜிமெயில் ஓடுற டேப் வீட்டுல இருக்கான்னு பாரு. இருந்தா அதுக்குள்ள உன் பாஸ்கீயும் இருக்கலாம். போன்ல நுழையும்போது வேறொரு சாதனம்னு வந்தா அதைத் தட்டு, க்யூஆர் கோடு வரலாம். வந்தா அதை டேப்ல ஸ்கேன் பண்ணு. ரெண்டுலயும் ப்ளூடூத் ஆன்ல இருக்கணும், பக்கத்துல பக்கத்துல இருக்கணும். உள்ள போனதும் தளத்தோட பாதுகாப்புப் பக்கத்துல இந்த போனுக்குன்னு புது பாஸ்கீ போட்டுடு.

பெரம்பூரிலிருந்து: இதுக்கு ஏன் இவ்ளோ கவலை? கூகுள் பேக்கப் ஆன்ல இருந்தா எல்லாம் தானா வந்துடும். நான் எத்தனையோ போன் மாத்திட்டேன், ஒண்ணும் போகல.

பாதி சரி சார். நீங்க மாத்தும்போது பழைய போன் கையில உயிரோட இருந்திருக்கும். இவங்களுக்கு இருந்த ஒரே போனே ரீசெட் ஆகிடுச்சு. பாஸ்கீ விஷயத்துல நீங்க சொல்றது சரி, பழைய லாக் தெரிஞ்சா வரும். ஆனா காசிமேட்டுத் தம்பிக்குச் சொன்னேனே, பேங்க் ஆப் போனுக்குள்ள வச்சிருக்கிற சாவி, அது எந்த பேக்கப்லயும் ஏறாது. ரீசெட் போட்டா போனதுதான், புதுசா பதிவு பண்ணணும்.

யூபிஐ-யும் அப்படித்தான். பேங்க்ல கொடுத்த நம்பரோட சிம் அந்த போன்லயே இருக்கணும், அதுலேருந்துதான் எஸ்எம்எஸ் போகும். ரெண்டு சிம் வச்சிருக்கிறவங்க தப்பான சிம்மைத் தட்டிட்டு ஆப் மேல பழி போடுவாங்க. யூபிஐ பின் மட்டும் போகாது, அதைச் சரிபார்க்கிறது பேங்க்.

வியாசர்பாடியிலிருந்து: தம்பி, என் பையன் என் போனை ரீசெட் பண்ணிட்டான். இப்ப ரேஷன் கடை மெஷின்ல என் ரேகை விழுமா? அரிசி வாங்கணும்.

விழும்மா. அந்த மெஷின் கேட்கிறது ஆதார்ல பதிஞ்ச ரேகையை. உங்க போனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தைரியமா போய் அரிசி வாங்குங்க. பையன் வீட்டுல இருக்கும்போது ஆப்களை மட்டும் புதுசா போட்டுத் தரச் சொல்லுங்க.

எண்ணூரிலிருந்து: எனக்கு வேற மாதிரி. அப்டேட் முடிஞ்சு போன் ஆன் ஆனதும் செட்டிங்ஸ்ல ரேகைங்கிற மெனுவே காணோம். ரீசெட் போட்டா வரும்னு ஃப்ரெண்டு சொல்றான். போட்டுடவா? ரெண்டு மாசம் முன்னாடி டிஸ்ப்ளே மாத்தினேன், அதுவும் காரணமா இருக்குமா?

போடாதீங்க. அப்டேட் முடிஞ்சு முதல் தடவை ரேகை எடுக்காம பின் கேட்டா அது வழக்கம்தான், ஒரு தடவை பின் போட்டா சரியாகிடும். மெனுவே காணோம்னா போனுக்குச் சென்சார் கண்ணுல படலன்னு அர்த்தம். சென்சார் திரைக்கு அடியில இருக்கிற மாடல்னா, மாத்தின டிஸ்ப்ளே மேல எனக்குச் சந்தேகம் இருக்கு. கம்பெனி சாமான் இல்லாத திரையோட சில சென்சார் ஒத்துப்போகாது. ஆனா ரெண்டு மாசம் ஓடிட்டு அப்டேட் அன்னைக்கே நின்னதால சாஃப்ட்வேர் கோளாறுங்கிறதையும் தள்ளிட முடியல. எது காரணம்னு இங்கிருந்து என்னால சொல்ல முடியாது. சாமான் கோளாறுன்னா ரீசெட் போட்டும் மெனு வராது, மேற்கொண்டு உள்ள இருக்கிற எல்லாச் சாவியும் போயிடும்.

போனை ஒரு தடவை முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அடுத்து, நீங்க ஏத்தின ஆப் எதுவும் ஓடாத சேஃப் மோடுல மெனு வருதான்னு பாருங்க. வரலேன்னா சர்வீஸ் சென்டர்ல சென்சார் டெஸ்ட் போடச் சொல்லுங்க, டிஸ்ப்ளே மாத்தினதை மறைக்காதீங்க. அங்கயும் ரீசெட் வேணும்னு சொன்னா, ஒத்துக்கிறதுக்கு முன்னாடி இப்ப இருக்கிற ஸ்க்ரீன் லாக்கைத் தாள்ல எழுதி வீட்டுல வையுங்க, ஜிமெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கான்னும் பாருங்க. மாடல் பேரையும் சேஃப் மோடுல என்ன வந்துச்சுன்னும் எழுதுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்.