ஒரிஜினல் தரத்தில் போட்டோ அனுப்புவது எப்படி?

கேள்வி: கல்யாண போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மங்கலாக இருக்கிறது, ஒரிஜினல் அனுப்புங்கள் என்கிறார்கள். மெயிலிலும் போகவில்லை. என்ன செய்வது?

பதில்: வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படத்தின் அளவையே குறைத்துவிடும். 4000 பிக்சல் அகலப் படம் சாதாரணமாகப் போகும்போது சுமார் 1600 ஆகிவிடும். 12 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 133 பிக்சல்தான் கிடைக்கும், ஒரிஜினலில் 333. மங்கலுக்குக் காரணம் இதுதான். HD என்று தேர்ந்தெடுத்தாலும் சுருக்கம் உண்டு, கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அதனால் இணைப்புக் குறியை அழுத்தி, Gallery-க்குப் போகாமல் Document-ஐத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் போட்டோவை எடுத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். 2 ஜிபி வரை அனுமதி. சரியாகப் போனதா என்று பார்க்க, அவர்களிடம் வந்த கோப்பின் எம்பி அளவைக் கேளுங்கள். உங்களிடம் இருப்பதுடன் ஒத்துப்போக வேண்டும். ஒன்று, படம் எடுத்த இடத்தின் விவரம் கோப்பில் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். தெரியாதவர்களுக்கு அனுப்பும்போது யோசியுங்கள்.

மெயில் கதை வேறு. அங்கே படம் சுருங்குவதில்லை, இணைப்பு வீங்குகிறது. மெயிலில் செல்ல எழுத்துகளாக மாற்றப்படுவதால் ஒவ்வொரு 3 பைட்டும் 4 ஆகிறது. 20 எம்பி ஆல்பம் சுமார் 27 எம்பி ஆகிவிடும். பெறுபவரின் சர்வர் வரம்பு 25 என்றால் திரும்பி வந்துவிடும். ஜிப் செய்வதும் உதவாது, ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. கூகுள் டிரைவில் ஏற்றி, லிங்க் உள்ளவர்கள் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்து, அந்த லிங்கை அனுப்புங்கள். அனுமதியை மாற்ற மறந்தால்தான் ஸ்டூடியோவிலிருந்து மறுபடி போன் வரும்.